பிளக்கில் சூட்டு வாடை, ஆடும் பின்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியும் வழி

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கருகிவிட்டது, புதிதாக ஒன்று வேண்டும் என்று என் பழுதுபார்க்கும் கடைக்கு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, அதில் செருகியிருந்த சாமானின் பிளக்கை எடுத்து வந்திருக்கிறாரா என்பதுதான். பெரும்பாலும் எடுத்து வந்திருக்க மாட்டார். கெட்டது பாக்ஸ்தானே, பிளக் நன்றாகத்தானே இருக்கிறது என்பார். இரண்டு மாதம் கழித்து, அதே ஓட்டை கருகிய இன்னொரு பாக்ஸுடன் அவரே திரும்பி வருவார். ஒருமுறை நன்றாகச் சூடேறிய பிளக் புதிய பாக்ஸைக் கெடுக்கும். சூடேறிய பாக்ஸ் புதிய பிளக்கைக் கெடுக்கும். கீழே உள்ள சோதனைகளில் பாதி, இந்த இரண்டில் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிப்பதற்காகவே.

இங்கே சொல்வது நம் வீடுகளில் உள்ள 230 வோல்ட் இணைப்புக்கும், உருண்டைப் பின் கொண்ட 6 ஆம்பியர், 16 ஆம்பியர் பிளக்குகளுக்கும் பொருந்தும். பழக்கத்தில் இவற்றை 5 ஆம்ஸ், 15 ஆம்ஸ் என்றே கேட்டு வாங்குகிறோம்.

வாடை வந்த அந்த நேரத்தில்

சூடாக இருக்கும் பிளக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது. இளகிய பிளாஸ்டிக்கிலிருந்து பின் கழன்று ஓட்டைக்குள்ளேயே நின்றுவிடலாம். மேலும், ஓடிக்கொண்டிருக்கும் பெரிய சாமானை அப்படியே பிடுங்கும்போது உண்டாகும் தீப்பொறி, ஏற்கெனவே கருகிய இடத்தை இன்னும் கெடுக்கும். முதலில் சுவரில் உள்ள சுவிட்சை அணைக்க வேண்டும். அந்தச் சுவிட்சே கருகிய வாடை அடித்தால் அதைத் தொடாமல், அந்த அறைக்கான எம்சிபியையோ மெயினையோ இறக்க வேண்டும். பத்து நிமிடம் ஆறிய பிறகு பிளக்கை எடுக்கலாம்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னொரு கவனம் தேவை. மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக் பாயிண்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். கருகிய பாக்ஸ் அந்தப் பாயிண்டில் செருகப்பட்டிருந்தால் இன்வெர்ட்டரையும் அணைத்தாக வேண்டும். புகை நிற்காமல் வந்தாலோ தீ தெரிந்தாலோ தண்ணீர் ஊற்றக் கூடாது; மின்சாரத்தை நிறுத்திவிட்டு உலர்ந்த மணலைப் போடலாம். அதற்கும் அடங்காவிட்டால் வெளியே வந்து 101-ஐ அழைக்க வேண்டும்.

அறிகுறி 1: வாடை வருகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை

சூடேறும் பிளக் எப்போதும் கருகிய வாடைதான் அடிக்கும் என்று எண்ண வேண்டாம். சுவிட்சுகளும் பிளக்குகளும் செய்யப்படும் சில வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்குகள் சூடேறும்போது மீன் கவிச்சி போன்ற வாடையை வெளியிடும். சமையலறையில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று பிரிட்ஜை நகர்த்தி எலியைத் தேடிய வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். மீன் வாங்காத நாளில் மீன் வாடை வந்தால், அதுவும் குறிப்பிட்ட ஒரு சாமான் ஓடும்போது மட்டும் வந்தால், சந்தேகத்தைப் பிளக் பாயிண்டின் மீது திருப்ப வேண்டும். வயரின் மேலுறை சூடேறினால் வரும் வாடை வேறு. அது மூக்கைக் குத்தும், பிளாஸ்டிக் கவரைப் பொசுக்கியதைப் போலிருக்கும்.

இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, எல்லாவற்றையும் அணைத்து, பிளக்குகளைக் கழற்றி, பின்களை வெளிச்சத்தில் பார்ப்பதுதான். நல்ல பித்தளைப் பின் மஞ்சளாகவும், முலாம் பூசியது வெள்ளியைப் போலவும் ஒரே நிறத்தில் மின்னும். சூடேறிய பின்னில் பழுப்போ நீலமோ கலந்த நிறமாற்றமும், தீப்பொறி பட்ட இடத்தில் ஊசியால் குத்தியதைப் போன்ற சிறு குழிகளும் தெரியும். பின் பிளாஸ்டிக்கில் இறங்கும் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். அங்கே மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு வளையம் இருந்தால் வாடை வந்தது அங்கிருந்துதான்.

எந்தப் பிளக்கிலும் தடயம் இல்லையென்றால் எஞ்சியிருப்பவை பாக்ஸின் உட்புறமும் சுவர்ப் பெட்டியின் உட்புறமும். பாக்ஸைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகு திறந்து பார்க்கலாம். சுவர்ப் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம்.

அறிகுறி 2: பிளக் சுடுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். இதற்கு ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிட முடியாது. எந்த இடம் சுடுகிறது என்பதைக் கொண்டுதான் காரணத்தைப் பிரிக்க வேண்டும்.

சாமானை வழக்கமாகப் பயன்படுத்துவது போலப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். சுவிட்சை அணைத்து, உடனே பிளக்கை எடுத்து, புறவிரலால் ஒவ்வொரு பின்னையும் தொட்டும் தொடாமலும் பாருங்கள். பிறகு பிளக்கின் உடலையும், பிளக்கிலிருந்து வெளியே வரும் வயரை ஒரு சாண் நீளத்துக்கும், அதற்கு அப்பால் உள்ள வயரையும் தடவிப் பாருங்கள். அயர்ன் பாக்ஸ், கெட்டில் போன்றவற்றில் வெதுவெதுப்பு இருப்பது இயல்பு. மூன்று நொடி விரலை வைக்க முடியாவிட்டால் அது இயல்பு அல்ல. அந்தச் சூடு ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ். சாதாரண பிவிசி வயரின் மேலுறை தாங்கும் அளவே 70 டிகிரிதான். வெளியே 60 என்றால் உள்ளே, உலோகமும் உலோகமும் தொடும் இடத்தில், அதற்கு மேல் இருக்கும்.

*ஒரு பின் மட்டும் சுடுகிறது*

பேஸ் பின்னிலும் நியூட்ரல் பின்னிலும் ஓடுவது ஒரே அளவு மின்சாரம். ஆகவே சாமான் அதிகமாக இழுப்பதுதான் காரணமென்றால் இரண்டும் ஒன்றாகச் சுட வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பின்னின் தொடர்பு லூஸாக இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். லூஸ் இருக்கக்கூடிய இடங்கள் இரண்டு: பிளக்குக்குள் வயரைப் பிடிக்கும் திருகு, பாக்ஸுக்குள் பின்னைக் கவ்வும் பித்தளைத் தகடு.

செலவில்லாதது திருகு என்பதால் அதிலிருந்து தொடங்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து முற்றிலும் கழற்றிய பிறகு, மேல்மூடியைத் திறந்து மூன்று திருகுகளையும் ஸ்குரூடிரைவரால் முடுக்கிப் பாருங்கள். கால் சுற்று, அரைச் சுற்று இறங்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டது என்று அத்துடன் மூடிவிடக் கூடாது. வயரை வெளியே எடுத்து நுனியைப் பார்க்க வேண்டும். செம்பு இழைகள் கறுத்திருந்தால், செம்பின் இயல்பான நிறம் வரும் வரை வெட்டித் தள்ளிவிட்டு, புதிதாக உரித்து, முறுக்கி, இரண்டாக மடித்துத் திருகின் கீழ் கொடுக்க வேண்டும். நுனியில் ஈயம் வைத்தால் உறுதியாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஈயம் மென்மையானது, திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கிக் கொடுத்துவிடுவதால் திருகு மறுபடி லூஸாகும். உரிக்கும்போது இழைகள் சில அறுந்து போவதும், மேலுறையின் ஒரு ஓரம் திருகுக்கடியில் சிக்கி நிற்பதும் இதே சூட்டைத் தரும். புதிதாக மாட்டிய பிளக்கே சுடும்போது நான் முதலில் தேடுவது இவை இரண்டையும்தான்.

திருகு சரியாக இருந்தால் அடுத்தது பாக்ஸின் தகடு. அதே சாமானை, நன்றாக இறுகிப் பிடிக்கும் ஒரு சுவர்ப் பாயிண்டில் நேரடியாகச் செருகி மறுபடி சோதியுங்கள். அங்கே பின் சுடவில்லை என்றால் பாக்ஸ் கெட்டுவிட்டது. அங்கேயும் அதே பின் சுட்டால் பிளக் கெட்டுவிட்டது. அந்தச் சோதனையை உடனே நிறுத்துங்கள், இல்லையென்றால் நல்ல பாயிண்டும் கெடும்.

ஒரு தையல் கடையின் அனுபவம் இதை நன்றாக விளக்கும். எட்டு மாதத்தில் மூன்றாவது பாக்ஸ் கேட்டு அந்தக் கடைக்காரர் வந்தார். அதில் ஓடியது 1000 வாட் அயர்ன் பாக்ஸும் ஒரு தையல் மோட்டாரும் மட்டுமே. 1000 வாட் என்றால் 4.3 ஆம்பியர், தையல் மோட்டாரைச் சேர்த்தாலும் 6 ஆம்பியர் பாக்ஸுக்கு அது மிகையான சுமை அல்ல. பாக்ஸ்கள் மட்டமானவை என்று அவர் கோபமாக இருந்தார். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, மூன்றிலும் கருகியிருந்தது அயர்ன் பாக்ஸைச் செருகும் ஓட்டை. அதிலும் பேஸ் பக்கம் மட்டும். பாக்ஸைத் திறந்தால், பின்னைக் கவ்வ வேண்டிய தகட்டின் இரண்டு இதழ்களும் வாய் பிளந்து நின்றன. அயர்ன் பாக்ஸையும் கொண்டு வரச் சொல்லிப் பார்த்தேன். அதில் இருந்தது வயரோடு சேர்த்தே வார்த்த, திறக்க முடியாத வார்ப்புப் பிளக். அதில் ஒரு பின் பழுப்பேறி, நகத்தால் தடவினால் மணல்தாள் போலச் சொரசொரத்தது.

முதல் பாக்ஸ் ஏதோ காரணத்தால் லூஸாகி அந்தப் பின்னைச் சுட்டிருக்கிறது. அதன்பின் அந்தச் சொரசொரத்த பின், தான் தொட்ட ஒவ்வொரு புதுத் தகட்டையும் சூடாக்கி, அதன் கவ்வும் விசையைப் போக்கியிருக்கிறது. பித்தளைத் தகடு ஒருமுறை நன்றாகச் சூடேறித் தளர்ந்துவிட்டால் ஆறிய பிறகு பழைய இறுக்கம் திரும்புவதில்லை. அயர்ன் பாக்ஸ் போன்ற சாமானில் நிலைமை இன்னும் மோசம். தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு இயங்குவதால் தொடர்பு மாறி மாறிச் சூடாகி ஆறுகிறது, ஒவ்வொரு முறையும் உலோகம் விரிந்து சுருங்கித் திருகுகள் தளர்கின்றன. வார்ப்புப் பிளக்கை வெட்டி எறிந்து, நூறு ரூபாய்க்குள் கிடைத்த த்ரீ பின் டாப் எனப்படும், திறந்து வயரைத் திருகில் மாட்டும் பிளக் ஒன்றை மாட்டி, பாக்ஸையும் கடைசி முறையாக மாற்றிக் கொடுத்தேன். மூன்று பாக்ஸுக்கு அவர் செலவழித்ததில் ஒரு சிறு பங்குதான் அந்த டாப்பின் விலை.

பின்னை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. முலாம் போய்விடும், பின்னின் தடிமன் குறையும், குழிகள் அப்படியே இருக்கும். ஒரு வாரம் நன்றாக இருப்பதைப் போல் தோன்றுவதால் ஆபத்து கூடுதல்.

*இரண்டு பின்னும் சுடுகின்றன, வயரும் முழு நீளத்துக்குச் சுடுகிறது*

இது சுமை மிகுதி. பாக்ஸின் அடியில் 6 ஆம்பியர் என்றிருந்தால் அது தாங்கக்கூடியது ஏறத்தாழ 1380 வாட். அதில் உள்ள நான்கு ஓட்டைகளுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. ஓட்டைக்கு 6 ஆம்பியர் அல்ல. 1500 வாட் கெட்டிலும் 1000 வாட் அயர்ன் பாக்ஸும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர். 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே 8.7 ஆம்பியர்.

எம்சிபி விழவில்லையே, அப்படியானால் சுமை சரியாகத்தானே இருக்கிறது என்பது இங்கே மிகவும் பரவலான தவறான முடிவு. பவர் பாயிண்டுக்குரிய எம்சிபி பொதுவாக 16 அல்லது 20 ஆம்பியர். அது சுவருக்குள் போகும் கனமான வயரைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. உங்கள் பாக்ஸின் மெல்லிய வயரில் 11 ஆம்பியர் ஓடுவது அதன் கணக்கில் தவறே அல்ல. மேலே சொன்ன லூஸ் தொடர்பையும் எம்சிபி காணாது, ஏனெனில் அங்கே மின்சாரம் கூடுவதே இல்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் காணாது. அது கசிவை மட்டும் பார்க்கும். பிளக் சூடேறுவதைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கும் கருவி உங்கள் கையும் மூக்கும்தான்.

முதல் மாற்று செலவில்லாதது: ஒரு நேரத்தில் ஒரு சூடாக்கும் சாமான் மட்டும் ஓட வேண்டும். வயர் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தால் முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் அடுக்கடுக்காகச் சேரும். அதற்கும் சூடு குறையாவிட்டால் வயரின் கனத்தைப் பாருங்கள். 6 ஆம்பியர் பாக்ஸுக்குக் குறைந்தது 0.75 சதுர மில்லிமீட்டரும், 16 ஆம்பியர் பாக்ஸுக்குக் குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டரும் வேண்டும். நல்ல வயரின் மேலுறையிலேயே இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். எதுவும் அச்சிடப்படாத, வெளியே தடிமனாகவும் உள்ளே மெல்லியதாகவும் இருக்கும் வயர்கள் சந்தையில் ஏராளம். நுனி இழை ஒன்றைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், அந்தப் பாக்ஸைச் செல்போன் சார்ஜருக்கு மேல் எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

*பிளக்கை ஒட்டிய ஒரு சாண் வயர் மட்டும் சுடுகிறது*

வயர் பிளக்குக்குள் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி இழைகள் உள்ளே அறுந்திருக்கின்றன. மேலுறை முழுமையாக இருப்பதால் வெளியே தெரியாது. அந்த இடத்தை விரலால் மெல்ல வளைத்தால் மற்ற இடத்தைவிடத் தளர்வாக, துணி போல மடங்கும். மின்சாரம் இல்லாத நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். தீர்வு, அந்த ஒரு சாண் வயரைப் பிளக்கோடு வெட்டிவிட்டுப் புதிய டாப் மாட்டுவது. டேப் சுற்றுவது தீர்வு அல்ல. மாட்டும்போது டாப்பின் கழுத்தில் உள்ள பிடிப்பான் வயரின் வெளியுறையைக் கவ்வியிருக்க வேண்டும். உள்வயர்களைக் கவ்வினால் இழுவை முழுவதும் திருகின் மேல் விழும்.

அறிகுறி 3: பிளக் ஓட்டையில் ஆடுகிறது, தொட்டால் அணைந்து எரிகிறது, சர்ரென்று சத்தம் வருகிறது

முதலில் பார்க்க வேண்டியது, பிளக்கும் ஓட்டையும் ஒரே இனமா என்பது. வட்டப் பின், தட்டைப் பின், சிறியது, பெரியது எல்லாவற்றையும் ஏற்கும் பல்வகை ஓட்டை கொண்ட பாக்ஸ்கள் இப்போது அதிகம் விற்கின்றன. எல்லாம் நுழையும், எதையும் இறுக்கமாகப் பிடிக்காது. 16 ஆம்பியர் பின்னின் விட்டம் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 6 ஆம்பியர் பின்னின் விட்டம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டையும் ஏற்கும் ஓட்டையில் பெரிய பின்னை நாலு நாள் செருகி வைத்தால் தகடு அகன்றுவிடும். பிறகு சின்னப் பின் அதில் ஆடத்தான் செய்யும். சார்ஜருக்கு இது பொருட்டல்ல. மிக்ஸிக்கு மேல் எதற்கும் ஏற்றதல்ல.

பிளக்கும் ஓட்டையும் ஒரே இனமாக இருந்தும் ஆடினால், இறுக்கமாகப் பிடிக்கும் வேறொரு பிளக்கை அதே ஓட்டையில் செருகிப் பாருங்கள். அதுவும் ஆடினால் ஓட்டை தளர்ந்துவிட்டது. அது ஆடாவிட்டால் உங்கள் பிளக்கின் பின் தேய்ந்திருக்கிறது அல்லது உள்நோக்கி வளைந்திருக்கிறது. பழைய பிளக்குகளில் பின்னின் நடுவே ஒரு பிளவு இருக்கும். அதில் கத்தியை விட்டு அகட்டி இறுக்கமாக்குவது நம் வீடுகளில் தலைமுறைப் பழக்கம். அப்படிச் செய்தால் பின், ஓட்டையில் இறுகுவது உண்மைதான். ஆனால் முழுப் பரப்பும் தொடாமல் இரண்டு ஓரங்கள் மட்டும் தொடும், ஓட்டையின் தகட்டையும் அகட்டிவிடும். இரவு விளக்குக்கு அது போதும். அயர்ன் பாக்ஸுக்குப் போதாது.

சர்ரென்ற சத்தம் வந்தால் சோதனைகளுக்கு இடமில்லை. அது தொடர்பு விட்டுவிட்டுத் தீப்பொறி பறக்கும் ஒலி. ஓட்டைக்குள் தீக்குச்சியையோ மடித்த காகிதத்தையோ திணித்து இறுக்குவதும், பிளக்கின் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைப்பதும், தீப்பொறி பறக்கும் இடத்தில் நாமே சுள்ளியை வைப்பதற்குச் சமம்.

லூஸ் தொடர்பு எவ்வளவு சூட்டைத் தரும் என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. தொடும் இடத்தில் பத்தில் ஒரு ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 4.3 ஆம்பியர் இழுக்கும் அயர்ன் பாக்ஸில் அந்த இடத்தில் உண்டாகும் சூடு 2 வாட்டுக்கும் சற்றுக் குறைவு. அதே இடத்தில் 8.7 ஆம்பியர் இழுக்கும் இன்டக்‌ஷன் அடுப்பைச் செருகினால் மின்சாரம் இரண்டு மடங்கு, சூடோ நான்கு மடங்கு, ஏழரை வாட். ஒரு சிறு எல்இடி பல்பின் மொத்த வாட் அது, கொண்டைக்கடலை அளவு இடத்தில், காற்றுப் புகாத பிளாஸ்டிக்குக்குள். சூடேறச் சூடேறத் தடையும் கூடும் என்பதால் அது ஏழரையில் நிற்பதில்லை.

அறிகுறி 4: பின் பிளக்கிலேயே ஆடுகிறது, அல்லது கழன்று ஓட்டைக்குள் நின்றுவிட்டது

திறக்கக்கூடிய டாப் என்றால் மூடியின் திருகு தளர்ந்திருக்கலாம். அதை முடுக்கியதும் பின்கள் அசையாமல் நின்றால், அடியில் நிறமாற்றமும் இல்லையென்றால், தொடர்ந்து பயன்படுத்தலாம். மூன்று பின்னும் இலேசாக, ஒரே மாதிரி அசைவது சில டாப்புகளின் அமைப்பு. ஒன்று மட்டும் சுழல்வதும் சாய்வதும் பிளாஸ்டிக் இளகிவிட்டதற்கு அடையாளம். வார்ப்புப் பிளக்கில் எந்தப் பின்னும் துளியும் அசையக் கூடாது. அசைந்தால் உள்ளே வயரைப் பிடித்த இணைப்பு விட்டுக்கொண்டிருக்கிறது, வெட்டி மாற்றுவதைத் தவிர வழியில்லை. சூப்பர் குளூ ஊற்றி ஒட்டிய பிளக்கைப் பார்த்திருக்கிறேன். பின் அசையாமல் நின்றது, உள்ளே தீப்பொறி நிற்கவில்லை.

பின் ஓட்டைக்குள் தனியாக நின்றுவிட்டால் அது மின்சாரம் உள்ள உலோகத் துண்டு என்றே கொள்ள வேண்டும். பாக்ஸின் சுவிட்ச் அணைந்திருப்பதை நம்பக் கூடாது. அந்தச் சுவிட்ச் ஒரு வயரை மட்டும் துண்டிக்கிறது. பாக்ஸைத் தயாரித்தவரோ பழுது பார்த்தவரோ பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருந்தால், சுவிட்ச் அணைந்த நிலையிலும் ஓட்டையில் பேஸ் இருக்கும். பாக்ஸைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்த பிறகே இடுக்கியால் பின்னை இழுக்கலாம். சுவர்ப் பாயிண்டிலேயே நின்றுவிட்டால் எம்சிபியை இறக்கிவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.

புதிய டாப் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 1293 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே செய்யக்கூடிய சோதனை இன்னொன்று உண்டு: ஒரு சிறு காந்தத்தைப் பின்னில் வையுங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 5: எர்த் பின் ஒடிந்திருக்கிறது, அல்லது சாமானைத் தொட்டால் சுருக்கென்கிறது

இதில் சூடு இருக்காது என்பதால் அலட்சியப்படுத்துகிறார்கள். மேலே உள்ள பருத்த பின்தான் எர்த். அது ஒடிந்த பிளக்கும் ஓட்டைக்குள் நுழையும், சாமானும் ஓடும். ஆனால் கிரைண்டரின் உடலில் கசிவு வந்தால் அது போவதற்கு உங்கள் கையைத் தவிர வேறு பாதை இருக்காது. டாப்பை மாற்றுங்கள். மாற்றும்போது பச்சை வயரை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடு உள்ள வயரை, எர்த் திருகிலும், சிவப்பு அல்லது பழுப்பை L என்று குறித்த திருகிலும், கறுப்பு அல்லது நீலத்தை N என்று குறித்த திருகிலும் கொடுக்க வேண்டும். எர்த் வயரை மற்ற இரண்டையும்விட ஒரு விரற்கடை நீளமாக விடுங்கள். வயர் இழுபட்டால் கடைசியாகக் கழல வேண்டியது அது. புதிய டாப்பிலும் சுருக்கென்றால் பாக்ஸில் எர்த் வயர் இல்லாமல் இருக்கலாம். மூன்று ஓட்டை இருந்தும் உள்ளே இரண்டே வயர் ஓடும் பாக்ஸ்கள் இன்றும் கிடைக்கின்றன.

இன்றே நிறுத்த வேண்டியவை

கருகிய, நிறம் மாறிய, உருகிய பாக்ஸும் அதில் இருந்த பிளக்கும் சேர்ந்தே போக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவதில் பொருளில்லை. கருகிய ஓட்டையை விட்டுவிட்டு அதே பாக்ஸின் பக்கத்து ஓட்டையைப் பயன்படுத்துவதும் கூடாது. பெரும்பாலான பாக்ஸ்களில் எல்லா ஓட்டைகளுக்கும் ஒரே பித்தளைப் பட்டைதான் ஓடுகிறது, ஓரிடத்தில் ஏறிய சூடு பக்கத்தையும் தளர்த்தியிருக்கும். தூக்கி எறியும்போது வயரை வெட்டிவிட்டு எறியுங்கள், இல்லையென்றால் யாராவது எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் ஓட்டையில் நுழைக்க விற்கப்படும் கன்வெர்ட்டரை நான் கடையில் வைப்பதே இல்லை. அந்தப் பிளக் பெரிதாக இருப்பதே சின்ன ஓட்டையில் நுழையக் கூடாது என்பதற்காகத்தான். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகுவது, வயர் நுனியை உரித்துப் பிளக் இல்லாமல் குச்சி வைத்துச் செருகுவது, பாக்ஸைப் பாய்க்கு அடியிலோ திரைச்சீலைக்குப் பின்னாலோ வைப்பது ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். கெய்சர், ஏசி, இன்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீரில் போடும் ஹீட்டர் கம்பி ஆகியவை எந்தப் பாக்ஸிலும் ஓடக் கூடாது. சுவரில் உள்ள 16 ஆம்பியர் பாயிண்டில் நேரடியாக ஓட வேண்டும்.

மின்பணியாளரை அழைக்க வேண்டிய கட்டம்

பாக்ஸும் டாப்பும் வரைக்கும் உங்கள் கை போகலாம். சுவர்ப் பாயிண்ட் சுட்டால், அதன் முகப்பு மஞ்சளித்திருந்தால், சுவிட்சைப் போடும்போது உள்ளே பொரிந்தால், பிளக்கை மாற்றிய பிறகும் அதே பாயிண்டில் அதே பின் சுட்டால், அதற்கு மேல் உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. வரும் வரை அந்த எம்சிபி இறங்கியே இருக்கட்டும். இறக்கிவிட்டு அதே லைனில் உள்ள வேறு பாயிண்டைப் பயன்படுத்தலாம் என்று மறுபடி ஏற்ற வேண்டாம்.

அவரிடம் பாயிண்ட் கெட்டுவிட்டது என்று மட்டும் சொன்னால் முகப்பை மட்டும் மாற்றிவிட்டுப் போகக்கூடும். எந்தச் சாமான் ஓடும்போது, எத்தனை நிமிடத்தில், எந்தப் பின் சுட்டது என்று சொல்லுங்கள். பழைய பாயிண்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று வயரின் நுனியைக் காட்டச் சொல்லுங்கள். சூடேறிய வயரின் மேலுறை நுனியில் விறைத்து, வளைத்தால் வெடிக்கும், செம்பு கறுத்திருக்கும். மேலுறை இளக்கமாகவும் செம்பு சிவப்பாகவும் உள்ள இடம் வரும் வரை வெட்டிவிட்டுத்தான் புதிய பாயிண்டில் கொடுக்க வேண்டும். அப்படி வெட்டியதில் பெட்டிக்குள் வயர் எட்டாமல் போனால், ஒட்டுப் போட்டு டேப் சுற்றுவதை ஏற்காமல், அந்த நீளத்துக்குப் புது வயர் இழுக்கச் சொல்லுங்கள்.